கையைக் கட்டியது யார்? நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதியமைச்சர்களே,

வட்டி ஏன் இவ்வளவு ஏறியது, நலத்திட்டச் செலவை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டால், எந்த நாட்டில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் உங்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. "எங்கள் கையில் என்ன இருக்கிறது? வேறு ஏதாவது செய்தால் சந்தை ஏற்றுக்கொள்ளாது, பணம் வெளியே போய்விடும்." உலகமயமாக்கலை எதிர்க்கிறவர்களும் இதையேதான் கோபமான குரலில் சொல்கிறார்கள்: பொருளாதாரக் கொள்கை இனி அரசுகளின் கையில் இல்லை என்று. எதிரும் புதிருமாக நிற்பவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி ஒத்துப்போனால் அதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது. வங்கியொன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்தவன் நான். பணம் எப்படி ஓடுகிறது என்பதை ஓட்டிவிடும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் அதிகாரிகளுக்கு இது பாலபாடம். ஆனால் நீங்கள் பொதுமக்களுக்குச் சொல்வதில்லை. ஓர் அரசு மூன்று விஷயங்களை விரும்பலாம். நாணய மதிப்பு நிலையாக இருக்க வேண்டும். பணம் எல்லை தாண்டித் தடையின்றிப் போய் வர வேண்டும். வட்டி விகிதத்தை உள்நாட்டுத் தேவைக்கு ஏற்பத் தானே தீர்மானிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒரே நேரத்தில் இரண்டுதான் கிடைக்கும் என்பதை 1960களிலேயே பொருளியலாளர்கள் ராபர்ட் மண்டெலும் மார்கஸ் ஃபிளெமிங்கும் காட்டிவிட்டார்கள். காரணம் எளிமையானது. வெளியே வட்டி 8 விழுக்காடு இருக்கும்போது உள்ளே 5 விழுக்காடாக வைத்தால், பணம் வெளியே போகப் பார்க்கும். போகிறவர்கள் உங்கள் நாணயத்தை விற்று டாலர் வாங்குவார்கள். மதிப்பு சரியாமல் இருக்க வேண்டுமென்றால் மத்திய வங்கி தன் கையிருப்பிலிருந்து டாலரை விற்றுக்கொண்டே இருக்க வேண்டும். கையிருப்பு ஒரு நாள் தீரும். அப்புறம் மூன்றே வழி: வட்டியை ஏற்று, மதிப்பைச் சரிய விடு, அல்லது பணம் வெளியேறும் கதவைச் சாத்து.

மூன்றாவது வழி ஒன்று இருப்பதாகவே இப்போது யாரும் பேசுவதில்லை. ஆனால் போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டை வகுக்க 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் கூடியவர்கள் அதைத்தான் இயல்பான ஏற்பாடாகக் கருதினார்கள். பன்னாட்டு நாணய நிதியத்தின் ஒப்பந்த விதிகளில் ஆறாவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மூலதனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு என்கிறது. அது இன்றும் நீக்கப்படவில்லை. 1997 செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த விதிகளை மாற்றி, மூலதனத்தைத் திறந்துவிடுவதை நிதியத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்க்க ஒரு முயற்சி நடந்தது. ஆசிய நாணய நெருக்கடி வெடித்து இரண்டே மாதம் ஆகியிருந்த நேரம் அது. நேரம் பார்த்துக் கொண்டுவந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்! அந்தத் திருத்தம் நிறைவேறவே இல்லை.

சரி, உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இதற்கு மலேசியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டை மிதக்கவிட்டது; அதாவது அதன் மதிப்பைத் தாங்கிப் பிடிக்காமல் சந்தையிடம் விட்டது. அடுத்த சில நாட்களில் மலேசிய ரிங்கிட்டின் மீதும் தாக்குதல் வந்தது. மலேசியாவின் மத்திய வங்கியான நெகாரா வங்கி சில நாள் தாக்குப்பிடித்துவிட்டு ஜூலை நடுவில் விட்டுவிட்டது. டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்ற அளவில் இருந்த மதிப்பு, 1998 ஜனவரியில் 4.88 வரை விழுந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த அன்வார் இப்ராகிம், நிதியத்திடம் கடன் வாங்காமலே நிதியத்தின் மருந்தை எடுத்துக்கொண்டார். 1997 டிசம்பரில் அரசுச் செலவில் 18 விழுக்காடு வெட்டு அறிவிக்கப்பட்டது. நெகாரா வங்கியின் வட்டி 1998 தொடக்கத்தில் 11 விழுக்காட்டுக்கு ஏற்றப்பட்டது. சந்தையின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதுதான் எண்ணம். நம்பிக்கை திரும்பவில்லை. கடன் வாங்கியிருந்த நிறுவனங்கள் திணறின, வங்கிகளில் வாராக்கடன் குவிந்தது, அந்த ஆண்டு பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது.

பொருளாதாரம் சுருங்கும்போது வட்டியைக் குறைக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். ஏன் குறைக்க முடியவில்லை என்பதுதான் சுவாரசியமான இடம். ரிங்கிட்டுக்கு நாட்டுக்கு வெளியே, முக்கியமாகச் சிங்கப்பூரில், ஒரு சந்தை இருந்தது. ரிங்கிட் இன்னும் விழும் என்று பந்தயம் கட்டுகிறவர் முதலில் ரிங்கிட்டைக் கடன் வாங்க வேண்டும். அதை விற்று டாலராக்கி வைத்துக்கொண்டு, விலை விழுந்த பிறகு மலிவாக வாங்கிக் கடனை அடைப்பார். இப்படிப்பட்டவர்கள் பெருகியதால் வெளிச்சந்தையில் ரிங்கிட்டுக்கு 20 முதல் 40 விழுக்காடு வரை வட்டி கிடைத்தது. உள்ளே 11, வெளியே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மலேசியாவில் சேமிப்பு வைத்திருக்கும் நிறுவனம் என்ன செய்யும்? தன் ரிங்கிட்டை அங்கே அனுப்பிவிடும். அந்த ரிங்கிட்டே பந்தயக்காரர் கைக்குப் போய் ரிங்கிட்டை மேலும் அடிக்கும். இதைத் தடுக்க 1997 ஆகஸ்டிலேயே நெகாரா வங்கி ஒரு சிறு தடுப்பு போட்டிருந்தது: வணிகத் தேவை இல்லாமல் வெளிநாட்டவருடன் நாணயத்தை இப்போது மாற்றிக்கொண்டு பிறகு திருப்பி மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் பரிவர்த்தனைக்கு ஒரு வாடிக்கையாளருக்கு 20 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. அதன் விளைவு, வெளியே ரிங்கிட் இன்னும் அரிதாகி, அங்கே வட்டி இன்னும் ஏறியது. பணத்தை வெளியே கடத்துவதில் லாபமும் ஏறியது. பாதி சாத்திய கதவு திறந்த கதவைவிட மோசமாக இருந்தது. கட்டுப்பாடுகள் பலிக்காது என்று சொல்பவர்கள் காட்டும் தோல்விகளில் பலவும் இந்த ரகத்தைச் சேர்ந்தவை.

1998 செப்டம்பர் 1 அன்று பிரதமர் மகாதீரின் அரசு கதவை முழுதாகச் சாத்தியது. வெளிநாட்டில் இருக்கும் ரிங்கிட் எல்லாம் அக்டோபர் 1க்குள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு அது செல்லாக்காசு. வெளிநாட்டவர்களின் ரிங்கிட் கணக்குகளுக்கு இடையே பணம் மாற்ற அனுமதி தேவை. ஏற்றுமதி, இறக்குமதிக்கான பணம் அந்நிய நாணயத்தில்தான் கொடுக்கப்பட வேண்டும். பங்குச் சந்தையில் போட்ட பணத்தை விற்றால், அந்தத் தொகை 12 மாதம் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மறுநாள் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது.

எதைத் தடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இறக்குமதியாளருக்கு டாலர் கிடைத்தது. தொழிற்சாலை கட்டியிருந்த வெளிநாட்டு நிறுவனம் லாபத்தையும் ஈவுத்தொகையையும் வழக்கம்போல எடுத்துச் செல்ல முடிந்தது. முக்கியமாக அடைக்கப்பட்டது ஒரு குழாய்: ரிங்கிட்டைக் கடன் வாங்கி ரிங்கிட்டுக்கு எதிராகவே பந்தயம் கட்டும் குழாய். அது அடைபட்டவுடன் உள்நாட்டு வட்டிக்கும் வெளிச்சந்தைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அதற்குள் 9.5 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்த வட்டியைச் செப்டம்பர் 3 அன்றே நெகாரா வங்கி 8க்குக் குறைத்தது. நவம்பரில் 7. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 5.5. அரசு செலவைக் கூட்டியது; வாராக்கடனை வாங்கிக்கொள்ள தனாஹர்த்தா, வங்கிகளுக்கு மூலதனம் கொடுக்க தனாமோடல் என்று ஏற்கெனவே தொடங்கியிருந்த இரண்டு அமைப்புகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1999இல் பொருளாதாரம் 6.1 விழுக்காடு வளர்ந்தது.

"சந்தை தண்டிக்கும்" என்றார்களே, தண்டித்ததா? தண்டித்தது. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தன; மூலதன நிறுவனங்கள் பின்பற்றும் பெரிய பங்குக் குறியீடு ஒன்றிலிருந்து மலேசியா நீக்கப்பட்டது. ஆனால் அந்தத் தண்டனை எத்தனை காலம் நீடித்தது என்று பாருங்கள். 1999 பிப்ரவரியில் 12 மாதத் தடையை எடுத்துவிட்டு, சீக்கிரம் வெளியேறுகிறவருக்கு அதிக வரி, தாமதமாக வெளியேறுகிறவருக்குக் குறைந்த வரி என்று மாற்றினார்கள். அதே ஆண்டு மே மாதம் மலேசிய அரசு உலகச் சந்தையில் 100 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. வாங்குவதற்கு ஆள் இருந்தார்கள். 2000இல் குறியீட்டிலும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வெளியேற்ற வரி 2001இல் முழுதாகப் போனது; 3.80 என்ற நிலையான மதிப்பு மட்டும் 2005 ஜூலை வரை நீடித்தது. சந்தைக்குக் கோபம் வரும், ஆனால் பணம் போட்டவர்களுக்குக் கோபத்தைவிட லாபம் முக்கியம். இதை நான் பணியில் இருந்தபோது அலுக்காமல் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் நானும் உங்களைப் போலப் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். கட்டுப்பாடுகள்தான் மலேசியாவை மீட்டன என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. 1998 செப்டம்பருக்குள் தென்கொரியாவிலும் தாய்லாந்திலும் கதவைச் சாத்தாமலே வட்டி இறங்கத் தொடங்கியிருந்தது. 1999இல் கொரியா மலேசியாவைவிட வேகமாக வளர்ந்தது. அந்தச் செப்டம்பர் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. புயல் எல்லோருக்கும்தான் ஓய்ந்தது. பொருளியலாளர்கள் ஈதன் கப்லனும் டானி ரோட்ரிக்கும் பின்னர் செய்த ஆய்வு, மற்ற நாடுகள் நிதியத்திடம் போன கட்டத்தோடு மலேசியாவை ஒப்பிட்டு, கட்டுப்பாடு நல்ல பலன் தந்தது என்றது. ஒப்பிட வேண்டிய மாதம் அதுவல்ல என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. கதவைச் சாத்தினால் நாடு அழியும் என்ற கூற்று பொய்த்துவிட்டது. என் வாதத்துக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாடு அறிவித்த மறுநாளே அன்வார் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அரசியல் செல்வாக்குள்ளவையாகக் கருதப்பட்ட நிறுவனங்களின் பங்குகள் அந்த மாதம் மற்றவற்றைவிட அதிகம் ஏறியதைச் சைமன் ஜான்சனும் டாட் மிட்டனும் தங்கள் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் அமைச்சருக்கு வேண்டியவர்கள் சௌகரியமாக உட்காரவும் முடியும். உங்களிடம் அதிகாரம் இருக்கிறது என்று நான் சொல்வது உங்களைப் பாராட்டுவதற்காக அல்ல.

இனி உங்கள் பதிலில் உண்மையாக உள்ள பாதிக்கு வருகிறேன். மலேசியா செய்ததை இந்தோனேசியா அதே வாரம் செய்திருந்தால் பலித்திருக்குமா? பலித்திருக்காது என்பதே என் கணிப்பு. ரூபியா 1997 நடுவில் டாலருக்குச் சுமார் 2,400. 1998இல் 15,000ஐத் தாண்டியது. இந்தோனேசிய நிறுவனங்கள் பெருமளவில் டாலரில், அதுவும் குறுகிய காலத் தவணையில் கடன் வாங்கியிருந்தன. ரூபியாவில் சம்பாதித்து டாலரில் திருப்பும் நிறுவனத்துக்கு, ஒரு பைசா கூடுதலாகக் கடன் வாங்காமலே கடன் ஆறு மடங்காகிவிட்டது. வட்டியைக் குறைப்பதால் அந்தக் கடன் குறையாது. அதனால்தான் 1998 ஜனவரி 15 அன்று அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்திட, நிதியத்தின் தலைவர் மிஷெல் காம்தெசு கைகட்டி அருகே நின்ற அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. மலேசியாவில் உள்நாட்டு நிறுவனம் வெளியே கடன் வாங்க வேண்டுமென்றால் நெகாரா வங்கியின் அனுமதி தேவை என்று நெருக்கடிக்கு முன்பே விதி இருந்தது. அதனால் அங்கே குறுகிய கால வெளிக்கடன் கையிருப்பைவிடக் குறைவு. 1998இல் நெகாரா வங்கிக்குக் கிடைத்த சுதந்திரம் அந்தச் சலிப்பூட்டும் அனுமதி விதியிலிருந்து வந்தது. அறிவிப்பு நாளின் துணிச்சலுக்கு அதில் பங்கு குறைவு.

பிரான்ஸ் இதன் மறுபக்கம். 1981இல் ஆட்சிக்கு வந்த அதிபர் மித்தெரான் குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றினார், செலவைக் கூட்டினார், வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். இரண்டே ஆண்டில், 1983 மார்ச்சில், சிக்கனத்துக்குத் திரும்பினார். "அரசால் இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பதற்குச் சான்றாக இதைத்தான் எப்போதும் காட்டுகிறார்கள். ஆனால் பிரான்சில் அப்போது மூலதனக் கட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர் எடுத்துச் செல்லும் தொகைக்குக்கூட வரம்பு போட்டார்கள். அவர்களைக் கவிழ்த்ததில் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. பக்கத்து நாடுகள் எல்லாம் மந்தத்தில் இருக்க, பிரான்ஸ் மட்டும் மக்கள் கையில் பணத்தைக் கொடுத்தது. மக்கள் அந்தப் பணத்தில் கணிசமான பகுதியை ஜெர்மானியப் பொருள்களுக்குச் செலவிட்டார்கள். ஐரோப்பிய நாணய ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே பிராங்கை மூன்று முறை மதிப்பிறக்க வேண்டி வந்தது. கதவைச் சாத்துவதால் ஓடும் பணத்தை நிறுத்தலாம், வாங்கிய சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்த முடியாது. மலேசியாவில் 1998இல் இறக்குமதி சுருங்கி, வெளிநாடுகளுடனான வரவு செலவான வெளிக்கணக்கு பெரும் உபரியில் இருந்தது. அதோடு 3.80 என்ற விலையும் வலுக்கட்டாயமான விலை அல்ல. அறிவிப்புக்கு முன் சந்தையில் ரிங்கிட் 4ஐத் தாண்டித்தான் இருந்தது, பிறகு சுற்றியிருந்த நாணயங்கள் ஏறியபோது 3.80 மலிவாகவே தெரிந்தது. அதனால்தான் அங்கே பெரிய கள்ளச் சந்தை உருவாகவில்லை. ஒரு நாட்டின் கட்டுப்பாடு தோற்கிறதா என்று அறிய வேண்டுமென்றால் அரசின் அறிக்கையைப் படிக்க வேண்டாம். கள்ளச் சந்தை விலைக்கும் அதிகாரபூர்வ விலைக்கும் இடையே உள்ள தூரத்தையும், இறக்குமதி விலைப்பட்டியல்களில் தொகை திடீரென்று ஊதிப்போவதையும் பார்த்தால் போதும்.

ஆக, கையைக் கட்டுபவை மிகக் குறிப்பான விஷயங்கள்: எந்த நாணயத்தில் கடன், எத்தனை மாதத் தவணை, வெளிக்கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இவற்றில் பலவும் நெருக்கடிக்குப் பத்தாண்டு முன்பு உங்கள் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள். எல்லாம் என்று சொல்லமாட்டேன். 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பெர்னான்கே, சந்தையில் பணத்தை இறக்கச் செய்துவந்த பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்று சொன்ன ஒரு சொல்லுக்கே பல வளரும் நாடுகளின் நாணயங்கள் ஆடின. நாணயத்தை மிதக்கவிட்ட நாடுகளும் தப்பவில்லை. டாலர் உலக நாணயமாக இருக்கும் வரை இந்த ஆட்டம் இருக்கும். அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்களே கட்டிக்கொள்ளும் ஒரு கட்டு இருக்கிறது, இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான். நாணய நிதியம்கூட 2012இல் தன் நிலையைத் தளர்த்தி, சில சூழல்களில் மூலதனக் கட்டுப்பாடு தகுந்த கருவிதான் என்று ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் உங்கள் வர்த்தக அமைச்சகங்கள் கையெழுத்திட்ட முதலீட்டு ஒப்பந்தங்கள் அந்தக் கருவியைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. சிலி நாட்டைப் பாருங்கள். 1991 முதல் அங்கே வெளியிலிருந்து வரும் கடனில் முதலில் 20, பிறகு 30 விழுக்காட்டை மத்திய வங்கியில் வட்டியில்லாமல் வைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பெரும்பாலும் ஓராண்டுக்கு. ஓராண்டு என்பதால், மூன்று மாதத்துக்கு வந்து போகும் பணத்துக்கு அது பெரும் சுமை, பத்தாண்டுக்கு வரும் பணத்துக்கு ஒன்றுமே இல்லை. மொத்த வரத்து அதனால் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் தவணை நீண்டது. அந்தச் சிலி அமெரிக்காவோடு செய்து 2004இல் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில், இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளுக்கு ஓராண்டு அவகாசம் மட்டும் கிடைத்தது. அதன் பிறகு முதலீட்டாளர் இழப்பீடு கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். சிங்கப்பூரும் ஏறத்தாழ இதே விதிக்கு ஒப்புக்கொண்டது. இதில் எந்தச் சந்தையும் யாரையும் மிரட்டவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் வேறு ஏதோ ஒன்றுக்கு ஈடாக இது விட்டுக்கொடுக்கப்பட்டது.

இப்படிப்பட்ட விதி பொதுவாக "பணப் பரிமாற்றங்கள்" என்ற தலைப்பில், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே இரண்டு பத்தியாக இருக்கும். சபை விவாதத்தில் சுங்க வரி பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இதை யாரும் தொடமாட்டார்கள். வெளிக்கணக்கு நெருக்கடி வந்தால் தற்காலிகமாகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்ற விலக்கு அதில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாதத்துக்கு, இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அது அப்பாற்பட்டதா என்ற மூன்று கேள்விக்குமான பதிலை, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் சபையின் மேசையில் எழுத்தில் வையுங்கள். அதோடு, ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய அந்நிய நாணயக் கடன், தனியார் நிறுவனங்களுடையதும் சேர்த்து, கையிருப்பில் எத்தனை பங்கு என்ற கணக்கை மாதாமாதம் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். உங்களில் பலருடைய மத்திய வங்கிகளிடம் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த முறை கை கட்டப்பட்டிருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது, எந்தக் கயிறு என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து நாங்களே சொல்லிக்கொள்வோம்.

இப்படிக்கு,
செலாவணி மேசையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு குடிமகன்